மூன்றாம் தாளில் எட்டுக் கையெழுத்து

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் எவர்சில்வர் டம்ளர் பறந்தது என்றால் யார் நம்புவார்கள்? பறந்தது. என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மிச்சமிருந்த காப்பி என் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. எறிந்தவர் மதுரையில் முப்பது வருடம் பொருளாதாரம் நடத்திய மூத்த பேராசிரியர். எறிந்தது என்மேல். காரணம் இங்கிலாந்து.

எழுபதுகளின் முதல் பாதி. நான் அருப்புக்கோட்டைக் கல்லூரியில் விரிவுரையாளர். குழுவில் இருந்த எட்டுப் பேரில் நான்தான் இளையவன். பி.ஏ. மாணவர்கள் அப்போது ‘இங்கிலாந்தின் பொருளாதார வரலாறு’ என்று ஒரு தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எந்த நூற்றாண்டில் எந்தப் பிரபு ஆடு மேய்க்க நிலத்துக்கு வேலி போட்டான், எந்தச் சட்டம் பஞ்சாலையில் பிள்ளைகளின் வேலை நேரத்தைக் குறைத்தது என்று எங்கள் கரிசல்காட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டிக்குப் பின்னால் கல்லூரிக்கு நடந்து வருகிறவனுக்கு மான்செஸ்டர் பஞ்சாலை எதற்கு? அதை எடுத்துவிட்டு ‘இந்திய வேளாண் பொருளாதாரம்’ வையுங்கள், கண்மாய்ப் பாசனம், மானாவாரி வெள்ளாமை, கூட்டுறவு எல்லாம் வரட்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன்.

“வேளாண்மை படிக்கக் காலேஜ் எதுக்குத் தம்பி? உங்க ஊர்ல மாடு சொல்லிக் குடுக்குமே” என்றார் மூத்தவர்.

“மாடு சொல்லிக் குடுத்ததையாவது நாங்க மறக்கல சார். வெள்ளைக்காரன் போய் இருபத்தஞ்சு வருசமாச்சு, நீங்க இன்னும் அவன் ஆட்டை மேய்ச்சுக்கிட்டிருக்கீக” என்றேன்.

அப்போதுதான் டம்ளர் பறந்தது. நான் சும்மா இருப்பேனா? திருச்சுழிப் பக்கம் பிறந்தவன். வரப்புத் தகராறில் வெட்டுக்குத்தைப் பார்த்து வளர்ந்த இரத்தம். மேசையைத் தாண்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். பொத்தான் தெறித்தது. நடுவில் விழுந்து பிரித்த குழுத் தலைவருக்கு மூக்குக்கண்ணாடி உடைந்தது. ஐந்து நிமிடம் எல்லோரும் மூச்சு வாங்கினோம். பிறகு வாக்கெடுத்தார்கள். என் தீர்மானம் ஜெயித்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பாடத்திட்டக் குழு எடுக்கிற முடிவு அப்படியே சட்டமாகிவிடாது. மினிட்ஸ் என்கிற கூட்டக் குறிப்பை எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்லி, எந்த ஆண்டிலிருந்து, யாருக்கு என்று தெளிவாகப் போட்டு, உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, கல்விப் பேரவைக்குப் பரிந்துரையாக அனுப்ப வேண்டும். பேரவை ஒப்புக்கொண்ட பிறகு அலுவலகம் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். பேச்சு செல்லாது. கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து எழுதி, வாசித்து, அதன்பின் கையெழுத்துப் போடுவதுதான் முறை. எங்கள் குழுவிலோ வெளியூர்க்காரர்களுக்கு எப்போதும் பஸ்ஸு நேரம். அதனால் யார் மினிட்ஸ் எழுதுகிறாரோ அவருக்கு மூன்று வெள்ளைத் தாளைக் கொடுத்து, மூன்றாம் தாளின் பாதிக்குக் கீழே எல்லோரும் முன்கூட்டியே கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இளையவனான நான்தான் அன்று எழுத வேண்டியவன்.

தலைவர் உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டே, “அரியர்ஸ் பசங்களுக்கு வழக்கம்போலப் போட்டுருங்க” என்றார். வழக்கம்போல என்றால், பழைய பாடத்தில் தேறாதவர்களுக்கு இன்னும் இரண்டு வருடம் பழைய பாடத்திலேயே தேர்வு நடத்த வேண்டும் என்று ஒரு பத்தி. மூத்தவரும் பொத்தானில்லாத சட்டையோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பக்கத்து வீட்டில் தறி சடசடத்துக்கொண்டிருந்தது. மினிட்ஸ் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பொருள் ஒன்று, பொருள் இரண்டு என்று போய், ‘மாற்றத்துக்கான காரணம்’ என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. டம்ளருக்குப் பதிலை அதில் எழுதினேன். மழை மறைவுப் பிரதேசம், கண்மாய் தூர்ந்தது, பட்டதாரி தன் மண்ணை அறியாதது என்று இரண்டாம் தாள் முழுக்க நிரம்பி மூன்றாம் தாளுக்கும் வழிந்தது. படித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன், மடையன்.

தீர்மானத்தை எழுதினேன். “வரும் கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வரும்” என்று முடித்தபோது, அடுத்த வரி தலைவரின் கையெழுத்தில் இடித்தது. அரியர்ஸ் பத்திக்கு இடமில்லை. காரணத்தில் நான்கு வரியைக் குறைத்துத் திரும்ப எழுதியிருக்கலாம். இரண்டாம் தாளில் கையெழுத்துகூடக் கிடையாது, கிழித்துப் போட்டு வேறு எழுத யார் தடுத்தார்கள்? மனசு வரவில்லை. என் நான்கு வரிகள் எனக்கு அவ்வளவு உசத்தி. அலுவலகத்துக்குத் தெரியாதா என்ன, எப்போதும் செய்கிறதுதானே என்று சொல்லிக்கொண்டு தபாலில் சேர்த்தேன்.

பேரவை ஒப்புக்கொண்டது. ஜூனில் புதிய பாடம் வந்தது. அச்சடித்து வந்த பாடத்திட்டத்தில் என் வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறெதையும் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் பழைய மாணவன் ஒருவன் என்னை நிறுத்தினான். பரளச்சிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. இருபத்து மூன்று வயதிருக்கும். மற்ற எல்லாத் தாளிலும் தேறிவிட்டான், இங்கிலாந்தில் மட்டும் இரண்டு முறை விழுந்துவிட்டான். கூட்டுறவு வங்கியில் மேற்பார்வையாளர் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. செப்டம்பரில் எழுதிப் பட்டத்தைக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வேறொருவனுக்கு.

“சார், சிலபஸ் மாறிருச்சுங்காக. எனக்குப் பழசுதான சார்?”

“பழசுதான்டா. வழக்கம்போலத்தான். போய்ப் படி.”

கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடு இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

செப்டம்பரில் தேர்வு. எங்கள் கல்லூரிதான் மையம். அந்தத் தாளுக்குப் பதினொரு பேர், எல்லாரும் அரியர்ஸ். கண்காணிப்பாளராக நானே நின்றேன். சீல் வைத்த உறையை அவர்கள் முன்னால் பிரித்து, வினாத்தாளை வரிசையாகக் கொடுத்தேன்.  பரளச்சிக்காரன் எழுந்தான்.

“சார், இது எங்க பேப்பர் இல்ல.”

வாங்கிப் பார்த்தேன். கண்மாய்ப் பாசனத்தின் சீரழிவுக்குக் காரணம் கூறுக. மானாவாரி வேளாண்மையின் சிக்கல்களை விளக்குக. என் பாடம். நான் டம்ளரடி பட்டு வாங்கிய பாடம்.  தலைமைக் கண்காணிப்பாளரிடம் ஓடியிருக்க வேண்டும், பல்கலைக்கழகத்துக்குத் தந்தி கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்பு என்று தெரிந்த அந்த நொடியில் எனக்கு வந்தது கோபம்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

“உன் ஊர்க் கம்மாயப் பத்தித்தானடா கேட்டிருக்கு? உக்காந்து எழுது!” என்று கத்தினேன்.

“எங்க ஊர்க் கம்மாதேன் சார். ஆனா நான் மூணு மாசமா முட்டி முட்டிப் படிச்சது இங்கிலாந்து ஆட்ட. நீங்கதான சார் பஸ் ஸ்டாண்டுல பழசுன்னு சொன்னீக?”

பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. “உக்காருடா நாயே” என்றேன். அவன் வினாத்தாளை இரண்டாகக் கிழித்து என் காலடியில் போட்டான். நான் பாய்ந்து அவன் கன்னத்தில் அறைந்தேன். அவன் என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். மேசையில் போய் விழுந்தேன். மைப்புட்டிகள் உருண்டு உடைந்தன. யாரோ “ஏலே, உடைங்கடா!” என்று கூவினான். பெஞ்சுகள் கவிழ்ந்தன. சன்னல் கண்ணாடி நொறுங்கியது. என் கைக்கு மேசையில் கிடந்த ரூல்தடி அகப்பட்டது. கருங்காலியில் கடைந்த உருட்டுத்தடி. அதை ஓங்கி அவன் தலையைப் பார்த்து வீசினேன். அவன் வலது கையால் மறைத்தான்.

காய்ந்த பருத்திமார்க் குச்சியை முறிப்பதுபோல் சத்தம் கேட்டது. அவன் அலறவில்லை. கோணலாகத் தொங்கிய விரல்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மறு அடிக்கு நான் கையை ஓங்கியிருந்தேன். ஆமாம், ஓங்கியிருந்தேன், மறைக்க மாட்டேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு முக்காலி வந்து என் புருவத்தைப் பிளந்தது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கி எல்லாம் சிவப்பாகப் போனது.

போலீஸ் வந்தது. அடித்தவன், அடிக்காதவன், மூலையில் ஒடுங்கி நின்றவன் எல்லாருக்கும் லத்தி. வராண்டாவில் மையும் இரத்தமும் கலந்து கிடந்தன. ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்திருந்தவனின் முதுகிலும் இரண்டு அடி விழுந்தது. வேனில் ஏற்றும்போது மணலில் அவன் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஆறு தையல். மறுநாள் கல்லூரி முதல்வர் ஒரு படிவத்தை நீட்டினார். தேர்வறைக் கலவரம் பற்றிய அறிக்கை. நான் நிரப்பிக் கொடுத்தால் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட் அவனுக்கு மூன்று வருடம் தடை போடும். வேலையும் போய்விடும், பட்டமும் போய்விடும். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் அறைக் கதவை ஒரு கால் எட்டி உதைத்தது.

அவனுடைய அப்பா. தலைப்பாகைத் துண்டு, காலெல்லாம் கரிசல். கையில் அரிவாள்.

“எம் மவன் கைய ஒடிச்சது யாருய்யா?”

உடன் வேலை பார்த்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். “நான்தான்” என்று எழுந்தேன். இடது கையால் என் தொண்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினார். அரிவாள் முனை தையல் போட்ட புருவத்துக்குப் பக்கத்தில் நின்றது. அவர் மூச்சில் புகையிலை வாடை.

“அவன் என்ன தப்புப் பண்ணுனான்? சொல்லு!”

“அவன் ஒண்ணும் பண்ணல. தப்பு என்னுது. ஒரு தாள்ல எழுத வேண்டியத எழுதாம விட்டுட்டேன். அதனாலதான் வேற பேப்பர் வந்துச்சு” என்றேன். தொண்டை நெரிந்து பாதிதான் வெளியே வந்தது.

பிடி தளர்ந்தது. அரிவாளைக் கீழே போட்டார். பிறகு ஓங்கி ஒரு அறை. தையல் பிரிந்து இரத்தம் திரும்ப ஒழுகியது. இரண்டு பேர் அவரைப் பிடிக்க வந்தார்கள். “விடுங்க, அவுகள விடுங்க” என்று நானே சொன்னேன். அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது.

“எழுதாம விட்டதுதான? இப்ப எழுது. எழுத்துல வந்த வினை எழுத்துலதேன் போகணும்” என்றார். அரிவாளைக் குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதல்வரின் படிவத்தை நான்காகக் கிழித்தேன். வேறொரு தாளில், முதலில் அடித்தது நான் என்றும், வினாத்தாள் தவறானது என்றும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

ஆனால் அது மட்டும் போதாது. பேரவை ஒப்புக்கொண்ட எழுத்தில் அந்தப் பத்தி இல்லாதவரை பழைய பாடத்தில் தேர்வு வைக்க யாருக்கும் அதிகாரமில்லை. அக்டோபரில் அவசரக் கூட்டம் போட்டார்கள். பொருள் ஒன்று, எப்போதும்போல, சென்ற கூட்டத்தின் மினிட்ஸை உறுதிசெய்தல். உள்ளது உள்ளபடி உறுதிசெய்துவிட்டால் கதவு மூடிவிடும். நெற்றியில் கட்டோடு போய் உட்கார்ந்தேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “பத்தி விடுபட்டது அலுவலகத் தட்டச்சுப் பிழைன்னு போட்டுருவோம்.”

“தட்டச்சுக்காரர் என்ன சார் செஞ்சார்? அவரை சஸ்பெண்ட் பண்ணுவாங்க. நான் எழுதல. இடமில்ல. நீங்க எல்லாரும் வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டீங்க, அதுக்கு மேல நான் எழுதினேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க. எட்டுப் பேர் மானமும் போயிரும். நாங்க வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம்!

மேசைக் கண்ணாடியில் என் முஷ்டியை இறக்கினேன். நீளமாக விரிசல் விட்டது. கையைக் கிழித்தது. “ஒருத்தன் கை ஒடிஞ்சு கிடக்கு! பதினொரு பேர் பட்டம் தொங்குது! உங்களுக்கு மானம் பெருசா?” என்று கத்தினேன். தலைவர் பியூனைக் கூப்பிட மணியை அடித்தார். இரண்டு பேர் என் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். நான் திமிறினேன். நாற்காலியோடு மூவரும் சரிந்தோம்.

“அவரை விடுங்கய்யா.”

டம்ளர் எறிந்த மூத்தவர். எழுந்து நின்றார். “நான் வெறுந்தாள்லதான் கையெழுத்துப் போட்டேன். வாசிக்கல. பஸ்ஸுக்கு ஓடினேன். அப்படியே மினிட்ஸ்ல எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “உம்ம பேப்பரை நான் இன்னும் ஒத்துக்கல. ஆனா என் பேப்பரைப் படிச்ச பிள்ளைங்க என் பிள்ளைங்க.”

 அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இரத்தம் தாளில் படாமலிருக்கக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். சென்ற கூட்ட மினிட்ஸ் பின்வரும் திருத்தத்துக்கு உட்பட்டு உறுதிசெய்யப்படுகிறது. புதிய பாடம் இவ்வாண்டு முதல் சேர்பவர்களுக்கு மட்டும். முன்பு சேர்ந்து தேறாதவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பழைய பாடத்திலேயே தேர்வு. திருத்தம் மூல மினிட்ஸின் நாளிலிருந்தே செல்லும். செப்டம்பரில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறப்புத் தேர்வு வைக்கப் பரிந்துரை. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி எழுதினேன்: எழுதியவர் எழுதாமல் விட்டார், கையெழுத்திட்டவர்கள் வாசிக்கவில்லை. தலைவர் உரக்க வாசித்தார். அப்புறம்தான் கையெழுத்து. எல்லாருக்கும் பஸ்ஸு போய்விட்டது.

பேரவை கூடும்வரை காத்திருக்காமல், பின்னால் அதன் ஒப்புதலைப் பெறுவதாகச் சொல்லித் துணைவேந்தர் அனுமதி கொடுத்தார். சிண்டிகேட்டில் என் வாக்குமூலத்தைப் பார்த்து அந்தப் பதினொரு பேர்மேல் நடவடிக்கையைக் கைவிட்டார்கள். எனக்கு ஒரு வருடம் தேர்வு வேலை கிடையாது என்றார்கள். சரிதான்.

டிசம்பரில் சிறப்புத் தேர்வு. அதன் முடிவு வரும்வரை பொறுப்பதாகக் கூட்டுறவு வங்கியும் சொல்லியிருந்தது. அவன் வலது கையில் விரல்கள் கோணலாகக் கூடியிருந்தன. டாக்டர் சான்றிதழ் கொடுத்து, அவனுக்குப் பதிலாக எழுதப் புதுமுக வகுப்பு மாணவி ஒருத்தியை அனுமதித்தார்கள். தனி அறை. உள்ளே போக எனக்கு உரிமையில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வேலி போட்ட பிரபுக்கள், நிலமிழந்த குடியானவர்கள், ஆடு. மூன்று மணிநேரமும் அவன் குரல் தடுமாறவில்லை.

தேறிவிட்டான். கல்லூரிக்குச் சான்றிதழ் வந்த அன்று அவன் வந்தான். நான் அலுவலக வாசலில் நின்றேன். என்னைக் கண்டதும் பழக்கத்தில் கும்பிடப்போனான். வலது கை பாதியில் நின்றுவிட்டது.

“வங்கியில என்ன சொன்னாக?” என்று கேட்டேன்.

“பட்டம் சரி, பேரேடு எழுதக் கை வேணும்ல தம்பின்னாக சார்.”

குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பி வைத்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து. அவன் இடது கையால் பேனாவைப் பிடித்து ஒரு கோடு இழுத்தான். குமாஸ்தா விண்ணப்பத்தில் இருந்த பழைய கையெழுத்தோடு ஒத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“சேரலையேப்பா. ரேகை வச்சிரு.”

மைப்பெட்டி என் பக்கத்தில் இருந்தது. மூடி இறுகிக் கிடந்தது, அவனால் ஒரு கையால் திறக்க முடியவில்லை. நான் திறந்து பிடித்தேன். பி.ஏ. தேறியவன் இடது பெருவிரலை மையில் தோய்த்து, கையெழுத்துகளுக்கு நடுவே அழுத்தி வைத்தான்.